‘சுவையான’ என்று எழுதினால் சுவை தெரியுமா?

கிள்ளானில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் வாழை இலை உணவகம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டாம். இப்படிப்பட்ட கடை நாட்டில் எந்தப் பட்டணத்திலும் உண்டு. பகல் பன்னிரண்டரை மணிக்கு அங்கே நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் வந்து உட்காருகிறது. நம் சாப்பாட்டில் அவர்களுக்குத் தெரிந்தது கோழிக் கறியும் அப்பளமும் மட்டும்தான். புதிதாக ஏதாவது சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறார்கள். உணவுப் பட்டியலைத் திறக்கிறார்கள்.

மீன் தலைக் கறி: சுவையான பாரம்பரிய உணவு.
ஆட்டிறைச்சிப் பிரட்டல்: சுவையான, காரமான சிறப்பு உணவு.
நெய் தோசை: சுவையான நெய் தோசை.
காய்கறிக் குருமா: சத்தான, சுவையான சைவ உணவு.

இரண்டு நிமிடம் பட்டியலைப் புரட்டிவிட்டு அவர்கள் கேட்டது கோழிக் கறி. அன்று இரவு கடை மூடும்போது ஆட்டிறைச்சி அரைச்சட்டி மீந்திருந்தது. மீன் தலை இரண்டு அப்படியே குளிர்பெட்டிக்குப் போனது. கடையை நடத்தும் அம்மா, கணவர் இறந்த பிறகு ஐந்து ஆண்டுகளாகத் தனியாகச் சமாளித்து வருபவர். எதிர்வரிசையில் குளிர்சாதன வசதியுடன் புதிய கடை திறந்ததிலிருந்து, மீந்துபோவதைக் கணக்கெழுதுவதே அவருக்கு இரவு வேலையாகிவிட்டது. சமையல் மாஸ்டரின் கைப்பக்குவத்தில் குறை இல்லை. சாப்பிட்டவர்கள் திரும்பி வருகிறார்கள். ஆனால், முதல் தடவை கேட்க வைப்பதற்குப் பட்டியலில் ஒன்றுமே இல்லை.

‘சுவையான’ என்ற சொல்லில் என்ன குறை என்று கேட்கலாம். அது பொய் இல்லை, ஆனால் செய்தியும் இல்லை. எந்தக் கடைக்காரரும் தன் உணவு சுவையில்லாதது என்று எழுதப் போவதில்லை. எல்லாருமே சொல்லக்கூடிய ஒன்றைச் சொன்னால், கேட்பவர் காதில் அது நிற்காது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் டேன் ஜுராஃப்ஸ்கி, 6,500 உணவகப் பட்டியல்களில் இருந்த ஏறத்தாழ 6,50,000 உணவு வரிகளை ஆராய்ந்து, 2014-இல் வெளியான தம் நூலில் எழுதினார். சுவையான, அருமையான என்பது போன்ற வெற்றுப் புகழ்ச்சிச் சொற்கள் விலை குறைந்த கடைகளின் பட்டியல்களில்தான் அதிகம் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. நல்ல விலை வாங்கும் கடை தன் உணவை நல்லது என்று சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. அது நல்லதாகத்தான் இருக்கும் என்று வருகிறவரே எடுத்துக்கொள்கிறார். ஆக, அந்தச் சொல் பயனற்றது என்பதோடு, கடையின் மதிப்பையும் ஒரு படி இறக்கிக் காட்டலாம்.

‘கமகம’, ‘நாவூறும்’, ‘அறுசுவை’ என்பவையும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவைதான். ஒரு காலத்தில் இவற்றுக்கு வாசனை இருந்திருக்கும். விளம்பரங்கள் தேய்த்துத் தேய்த்து, இன்று அவை கண்ணில் படுவதே இல்லை.

அடுப்பங்கரையில் உட்கார்ந்து கேட்க வேண்டியவை

அந்த அம்மாவின் மகள் பட்டியலை மாற்றி எழுத முன்வந்தார். மேசையில் உட்கார்ந்து அழகான சொற்களைத் தேடுவதுதான் பலர் செய்கிற முதல் தவறு. அவரும் அப்படித்தான் தொடங்கினார். ‘செட்டிநாட்டு மண்வாசனையில் மயக்கும் ஆட்டிறைச்சி’ என்று எழுதிக்கொண்டு போய் மாஸ்டரிடம் காட்டினார். மாஸ்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். படித்துவிட்டு, “தங்கச்சி, இதுல எங்க மண்ணு இருக்கு? நான் குவாலியிலதானே பிரட்டுறேன்?” என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே மகள் அடுப்பங்கரையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வோர் உணவுக்கும் அவர் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். இது எதன் எந்தப் பகுதி? அடுப்பில் முதலில் விழுவது என்ன? இறக்குவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள்? பிய்க்கும்போது, அல்லது கடிக்கும்போது என்ன ஆகிறது? நாக்கில் முதலில் தெரிவது எது, கடைசியில் நிற்பது எது? இதை எதோடு சாப்பிட்டால் நன்றாக இருக்கும்?

இவற்றுள் கடைசி ஐந்து நிமிடத்தைப் பற்றிய கேள்விதான் பெரும்பாலும் பலன் தரும். தாளிப்பு, கடைசியாகத் தூவும் பொடி, எண்ணெய் பிரியும் நேரம் என்று உணவின் மணம் அங்கேதான் இருக்கிறது. சமைப்பவருக்கு அது பழகிப்போன வேலை. கேட்காமல் அவராகச் சொல்லமாட்டார்.

ஓர் உணவுக்கு இப்படிப் பத்துப் பன்னிரண்டு குறிப்புகள் சேரும். எல்லாவற்றையும் பட்டியலில் கொட்டக் கூடாது. பசியோடு உட்கார்ந்திருப்பவர் சமையல் குறிப்பைப் படிக்க வரவில்லை. இரண்டு வரி போதும். பொருள் எது என்று ஒன்று, கைவேலை என்ன என்று ஒன்று, வாயில் எப்படி இருக்கும் என்று ஒன்று, ஆக மூன்று செய்திகள். அதற்கு மேல் போனால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும்.

மீன் தலை

மீன் தலைக் கறியின் பழைய வரியில் ‘பாரம்பரிய’ என்ற சொல் இருந்தது. அம்மா அதை இன்னும் விரித்து, ‘ஊரில் பாட்டி சமைத்த அதே முறையில்’ என்று எழுத விரும்பினார். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெரிய மீன் தலையைத் தனியாகக் குழம்பில் போட்டு மேசைக்குக் கொண்டுவரும் இந்த உணவு, தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூரின் சோஃபியா சாலையில் கடை வைத்திருந்த, கேரளத்தைச் சேர்ந்த எம்.ஜே. கோமெஸ் என்பவர் சீன வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்து இதைத் தொடங்கினார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. நம் குழம்பும், மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீனர் பழக்கமும் சந்தித்ததில் பிறந்த பிள்ளை இது. பாட்டியின் பெயரைப் போட்டால் உணர்ச்சி வரும், உண்மை போய்விடும். உள்ளபடியே சொல்வதானால் இது இந்த மண்ணில் பிறந்த உணவு. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

மாஸ்டர் சொன்னவற்றிலிருந்து மகள் எழுதிய முதல் வரைவு இது:

‘சிவப்பு மீனின் பாதித் தலை, வெந்தயம் தாளித்த புளிக்குழம்பில் வெண்டைக்காய், கத்தரிக்காயோடு. கன்னத்துச் சதை கரண்டி பட்டாலே பிரியும். முதலில் புளிப்பு, பின்னால் மெல்ல ஏறும் காரம்.’

இதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும், படித்தவுடன் கன்னத்துச் சதையைத் தேடும் ஆசை வருகிறது. அது மட்டுமல்ல, இந்த உணவை முன்பின் பார்க்காதவருக்கு எங்கே கரண்டி வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. மீன் தலையைக் கேட்கப் பலர் தயங்குவதற்குக் காரணம், அதில் சாப்பிட என்ன இருக்கிறது என்று தெரியாததுதான். அந்தத் தயக்கத்திற்கு ‘கன்னத்துச் சதை’ என்ற இரண்டு சொற்களே பதிலாகிவிட்டன.

ஆனால், மாஸ்டர் ஒரு சொல்லில் விரலை வைத்தார். ‘சிவப்பு மீன்.’ பண்டிகைக்கு முந்தைய வாரத்திலும், கடல் கொந்தளிக்கும் பருவமழைக் காலத்திலும் சிவப்பு மீன் தலை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை கட்டாது. அந்த நாள்களில் அவர் வேறு மீன் போடுகிறார். அப்படியானால், அச்சடித்த அட்டையில் அந்தச் சொல் ஆண்டில் சில வாரங்களுக்குப் பொய்யாகிவிடும். பட்டியல் எழுதப்பட்ட நாளில் உண்மையாக இருந்தது என்பது சமாதானம் ஆகாது. வாடிக்கையாளர் சாப்பிடுவது இன்று.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. மீனின் பெயரை எடுத்துவிட்டு வெறும் ‘மீன் தலை’ என்று போடுவது ஒன்று. அது பாதுகாப்பானது, ஆனால் வரியின் உயிர் பாதி போய்விடும். மற்றொன்று, மீனின் பெயரை அட்டையிலிருந்து எடுத்துச் சுவரில் உள்ள கரும்பலகைக்கு மாற்றுவது. ‘இன்றைய மீன் பலகையில்’ என்று அட்டையில் இருக்கும். பலகையில் அன்றைய மீனின் பெயரும் விலையும் காலையில் எழுதப்படும். இந்தக் கடை இரண்டாம் வழியை எடுத்தது. மாறாத செய்தி அட்டைக்கு, மாறும் செய்தி பலகைக்கு என்பது மற்ற உணவுகளுக்கும் அப்படியே பொருந்தியது.

ஆடு எந்த ஆடு?

ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு வந்தபோது அம்மாவின் ஆசைப் பட்டியல் நீளமாக இருந்தது. நாட்டு வெள்ளாடு, செட்டிநாட்டு முறை, வீட்டில் அரைத்த மசாலா, விறகடுப்பு. மகள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனார். இறைச்சி வரும் பெட்டியைத் திறந்து பார்த்தால் அது ஆஸ்திரேலியாவிலிருந்து உறைய வைத்து வந்த செம்மறி. மசாலாவின் பெரும்பகுதி மொத்த வியாபாரியிடம் வாங்கும் பொடி. அடுப்பு, எரிவாயு. செட்டிநாடு என்பதற்கு மாஸ்டரே சிரித்துவிட்டார்.

நான்கும் விழுந்துவிட்டன. இந்த இடத்தில்தான் பல கடைக்காரர்கள் சோர்ந்துபோய், எல்லாரும் எழுதுகிறார்களே, நாமும் எழுதினால் என்ன என்று பழைய வழிக்குத் திரும்புகிறார்கள். ஆனால், ஒவ்வொரு பெரிய பொய்க்குப் பக்கத்திலும் சிறிய உண்மை ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். ‘மசாலா எல்லாமே வாங்கும் பொடிதானா, அண்ணே?’ என்று மகள் மறுபடி கேட்டார். இல்லை. மிளகையும் சோம்பையும் மட்டும் மாஸ்டர் தினமும் காலையில் வெறும் சட்டியில் வறுத்து, கொரகொரப்பாகப் பொடித்து வைத்துக்கொள்கிறார். இறக்குவதற்குச் சற்று முன்பு அதைத் தூவிப் பிரட்டுகிறார். மற்ற பொடிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, தட்டு மேசைக்கு வந்தவுடன் மூக்குக்குத் தெரியும். அதற்கு முன்னதாக, எலும்போடு உள்ள துண்டுகள் மூடிய சட்டியில் ஒன்றரை மணி நேரம் வேகின்றன. பிறகு குவாலிக்கு மாற்றி, எண்ணெய் பிரியும்வரை பிரட்டல்.

‘எலும்போடு கூடிய செம்மறி ஆட்டிறைச்சி, ஒன்றரை மணி நேரம் மெல்ல வெந்து, கறிவேப்பிலையோடு சுருளப் பிரட்டியது. இன்று காலை வறுத்துப் பொடித்த மிளகும் சோம்பும் கடைசியில். காரம் தூக்கல்.’

‘வீட்டில் அரைத்த மசாலா’ என்பதைவிட ‘இன்று காலை வறுத்துப் பொடித்த மிளகும் சோம்பும்’ எவ்வளவோ மேலானது. முன்னதை நூறு கடைகள் எழுதுகின்றன. பின்னதை எழுத, ஒருவர் காலையில் உண்மையிலேயே மிளகு வறுக்க வேண்டும். ஆனால், அது அவர் மீது ஒரு கடமையையும் வைக்கிறது. மாஸ்டர் விடுமுறையில் போகும் செவ்வாய்க்கிழமையில் உதவியாளர் முந்தைய நாள் பொடியைப் பயன்படுத்தினால் ‘இன்று காலை’ பொய். மகள் மாஸ்டரிடம் இதைச் சொன்னபோது, அவர் யோசித்துவிட்டு, “இன்னைக்குக் காலையிலங்கிறதை எடுத்துடுங்க தங்கச்சி. கடையில வறுத்ததுன்னு போடுங்க. அது என்னைக்கும் நிஜம்” என்றார். அப்படியே ஆனது. ஒரு சொல் குறைந்தது, வரி கெடவில்லை.

‘செம்மறி’ என்று வெளிப்படையாகப் போட வேண்டுமா என்பதில் வீட்டுக்குள் பேச்சு நடந்தது. வெள்ளாடுதான் உசத்தி என்று நினைப்பவர்கள் கேட்காமல் போய்விடுவார்களே என்பது அம்மாவின் கவலை. அது நியாயமான கவலைதான். ஆனால், கேட்டுச் சாப்பிட்டு, எலும்பைப் பார்த்து, ‘இது வெள்ளாடு இல்லையே’ என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். அவர்கள் ஒருமுறை ஏமாந்தால் மீன் தலையின் மீதும் நம்பிக்கை போய்விடும். ‘ஆட்டிறைச்சி’ என்று பொதுவாக விட்டிருந்தாலும் பொய்யாகாது. கேட்டால் பரிமாறுபவர் உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கடை எழுதிவிடுவது என்று முடிவு செய்தது.

இதில் மொழிச் சிக்கலும் உண்டு. அட்டை மூன்று மொழிகளில் வருகிறது. மலாயில் ‘கம்பிங்’ என்பது அகராதிப்படி வெள்ளாடு, செம்மறிக்கு ‘பிரி-பிரி’. பேச்சு வழக்கில் இரண்டையும் கம்பிங் என்றே சொல்கிறார்கள். தமிழில் செம்மறி என்று திருத்திவிட்டு மலாயில் பழையபடியே விட்டால், ஒரே அட்டை இரண்டு விதமாகப் பேசும். திருத்தம் என்றால் மூன்று மொழியிலும் ஒரே நாளில் திருத்த வேண்டும்.

நெய் இல்லாத நெய் தோசை

தோசையில் சொல்லைத் தேட வேண்டிய வேலையே இல்லை. பெயரிலேயே சிக்கல் இருந்தது. தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்த டின்னைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தபோது, அது நெய் மணம் சேர்த்த தாவரக் கொழுப்பு. பசு படம் எதுவும் அதில் இல்லை. வாங்கும்போது யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். வேண்டுமென்று செய்த ஏமாற்று இல்லை. ஆனால், வாடிக்கையாளர் கொடுக்கும் காசு நெய்க்கு.

இப்படிப்பட்ட நேரத்தில் சொல்லைக் கொண்டு மூடி மறைக்க முடியாது. ‘நெய் மணக்கும் தோசை’ என்று எழுதிவிட்டால் சட்டத்துக்கும் தப்பிவிடலாம், வாடிக்கையாளருக்கும் பிடிக்கும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். மணக்கிறதுதானே! இதுதான் பொய்யில் மோசமான வகை. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பார்த்தால் குறை இல்லை. சேர்த்துப் படிப்பவர் நெய் என்றே நம்புவார். ஒரு வரி உண்மையா இல்லையா என்று பார்க்க, எழுதியவர் என்ன நினைத்தார் என்று கேட்கக் கூடாது. படிப்பவர் எதை நம்பி வாங்குவார் என்று கேட்க வேண்டும்.

மிஞ்சியது இரண்டு வழி. உண்மையான நெய் வாங்கி விலையை ஏற்றுவது, அல்லது நெய் என்ற சொல்லை எடுத்துவிடுவது. கடை இரண்டையும் செய்தது. சாதாரணமாகக் கொடுத்து வந்த தோசைக்கு ‘முறுகல் தோசை: ஓரம் பொன்னிறமாக, ஒடித்தால் சத்தம் கேட்கும், நடுவில் மெத்தென்று’ என்று புதுப் பெயரும் வரியும் வந்தன. அதற்கு அடுத்த வரியில் ‘நெய் தோசை: பசு நெய் ஒரு தேக்கரண்டி, சுட்டு எடுக்கும்போது மேலே’ என்று 50 சென் கூடுதல் விலையில் தனியாக. தேக்கரண்டி அளவைப் போட்டிருப்பதைக் கவனிக்கலாம். அளவு எழுதியவுடன் மாஸ்டர் கை தாராளமாகவும் போகாது, கஞ்சத்தனமாகவும் போகாது.

முறுகல் தோசை வரியிலும் ஒரு பின்குறிப்பு வந்தது. பொட்டலம் கட்டினால் கால் மணி நேரத்தில் முறுகல் போய்விடும், சத்தம் கேட்காது. ஆகவே, வீட்டுக்குக் கொண்டுசெல்லும் உணவுகளுக்கான பட்டியலில் அந்த வரியைச் சேர்க்கவில்லை.

குருமாவில் இருந்த முந்திரி

காய்கறிக் குருமா பார்வைக்குச் சாதுவான உணவு. ‘சத்தான’ என்ற சொல்லை முதலில் எடுத்தார்கள். எந்தச் சத்து, எவ்வளவு என்று கேட்டால் சொல்ல முடியாத கடை அந்தப் பேச்சுக்கே போகாமல் இருப்பது நல்லது. கொழுப்பு குறைவு, சர்க்கரை நோய்க்கு ஏற்றது என்பவற்றுக்கும் இதுவே பதில். நம் மக்களிடையே நீரிழிவு பரவலாக இருக்கும் நிலையில், அந்த ஒரு வரியை நம்பி ஒருவர் மாத்திரை அளவையே மாற்றிக்கொள்ளக்கூடும்.

பிறகு மாஸ்டர் குருமா வைக்கும் முறையைச் சொன்னார். தேங்காய், கசகசா என்று ஒன்றும் இல்லை. ஊற வைத்த முந்திரியை மைய அரைத்து ஊற்றுகிறார். அந்த வழவழப்புக்கும் இலேசான இனிப்புக்கும் அதுதான் காரணம். பழைய அட்டையில் முந்திரியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

‘கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, அரைத்த முந்திரி ஊற்றிய வெள்ளைக் குருமாவில். வழவழப்பானது, காரம் குறைவு. பூரியோடு நன்றாகச் சேரும்.’

இந்த வரியில் ‘அரைத்த முந்திரி’ இரண்டு வேலை செய்கிறது. பசியைக் கிளப்புகிறது. முந்திரி ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு, அல்லது அப்படிப்பட்ட பிள்ளையின் தாய்க்கு, நிறுத்திப் படிக்க வைக்கும் எச்சரிக்கையாகவும் இருக்கிறது. முந்திரி, வேர்க்கடலை ஒவ்வாமை சிலருக்கு மூச்சையே அடைத்துவிடும். ‘சத்தான, சுவையான சைவ உணவு’ என்று மட்டும் எழுதியிருந்த ஐந்து ஆண்டுகளில் அப்படி ஒன்றும் நடக்காமல் போனது கடையின் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம். பொருளின் பெயரைச் சொல்லும் வரி வெறும் அழகுக்காக இல்லை என்பது இந்த ஓர் உணவில் தெரிந்துவிடுகிறது.

‘சைவம்’ என்ற சொல்லும் அடுப்பங்கரையில் சோதிக்கப்பட்டது. குருமாவில் தவறில்லை. ஆனால், அதே பக்கத்தில் ‘சைவம்’ என்ற தலைப்பின் கீழ் இருந்த வாழைக்காய் வறுவல், மதிய நெருக்கடியில் மீன் பொரித்த அதே எண்ணெயில் விழுந்துகொண்டிருந்தது. விரதம் இருப்பவர் நம்பிச் சாப்பிடும் இடம் இது. தனிச் சட்டி ஒன்று வாங்கிய பிறகே அந்தத் தலைப்பின் கீழ் வாழைக்காய் திரும்ப வந்தது. சோயாவில் செய்த ‘சைவ மட்டன்’ வைத்திருக்கும் கடைகளும் எதில் செய்தது என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது. சில வகைகளில் முட்டை சேர்க்கப்படுகிறது, பொட்டலத்தைப் படித்தால் தெரியும்.

சட்டம் தொடும் இடம்

இதுவரை சொன்னது பெரும்பாலும் நாணயம் சம்பந்தப்பட்டது. ஆனால், சட்டமும் அருகிலேயே நிற்கிறது. மலேசியாவில் 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டம், பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவதைக் குற்றமாக்குகிறது. சிங்கப்பூரில் 2003-இல் இயற்றப்பட்ட பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வணிகச் சட்டம், வாங்குபவரை ஏமாற்றும் கூற்றுகளுக்கு எதிராக அவருக்கு வழி தருகிறது.

தனியாகக் கவனிக்க வேண்டிய சொல் ‘ஹலால்’. மலேசியாவில் ஜாக்கிம், அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் ஓர் உணவை ஹலால் என்று விவரிக்கக் கூடாது. சிங்கப்பூரில் சான்றளிப்பது முயிஸ். பன்றி இறைச்சி சேர்ப்பதில்லை என்ற ஒரே காரணத்தால் கடைக்காரர் தாமாகவே அந்தச் சொல்லை எழுதிக்கொள்ள முடியாது. முஸ்லிம் வியாபாரியிடமிருந்து இறைச்சி வாங்குவதும் சான்றிதழ் ஆகாது. இந்தக் கிள்ளான் கடையிடம் சான்றிதழ் இல்லை. ஆகவே, புதிய அட்டையில் அந்தச் சொல்லும் இல்லை.

எத்தனை தட்டு போனது?

வரிகளை மாற்றினால் விற்பனை 27 விழுக்காடு ஏறும் என்று உணவகத் துறையில் பலர் அடித்துச் சொல்வதுண்டு. அந்த எண் பிரையன் வான்சிங்க் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவர் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. பின்னாளில் அவர் பணியாற்றிய கார்னெல் பல்கலைக்கழகம், அவர் ஆய்வு நெறிகளை மீறினார் என்று 2018-இல் முடிவு செய்தது. அவருடைய வேறு பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆகவே, அந்த எண்ணை நம்பிக் கூடுதலாக மீன் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

கடை தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். புதிய அட்டை வருவதற்கு முன் நான்கு வாரம், வந்த பின் நான்கு வாரம், அந்த நான்கு உணவுகளும் தினமும் எத்தனை தட்டு போயின என்று ஒரு நோட்டில் குறித்தால் போதும். இடையில் விலையைத் தொடக் கூடாது. எந்த நான்கு வாரம் என்பதும் முக்கியம். புரட்டாசி மாதம் குறுக்கே வந்தால் ஆட்டிறைச்சி தானாகவே விழும், குருமா தானாகவே ஏறும். அதற்கும் அட்டைக்கும் தொடர்பில்லை. பள்ளி விடுமுறை, தைப்பூச விரதம், நோன்பு மாதம் ஆகியவையும் கணக்கைக் குழப்புபவை. ஒரே கடை, எட்டு வாரம் என்பதால் சிறிய ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. மீந்துபோகும் சட்டி தொடர்ந்து குறைகிறதா என்பதே அம்மாவுக்கு வேண்டிய செய்தி.

நோட்டில் இன்னொரு பத்தியும் வேண்டும் என்று மகள் சேர்த்தார். சாப்பிட்டவர்கள் திருப்பி அனுப்பிய தட்டுகள். ‘காரம் தூக்கல்’ என்று எழுதிய பிறகு, காரம் தாங்காமல் ஆட்டிறைச்சியைப் பாதியில் விட்டுப் போவது குறைய வேண்டும். குறையவில்லை என்றால் வரி போதுமான அளவு எச்சரிக்கவில்லை என்று பொருள். ‘பதிவில் இருந்தது வேறு, தட்டில் வந்தது வேறு’ என்று ஒருவர் சொன்னாலும் அந்த வரி அன்று இரவே திருத்தப்பட வேண்டும்.

அச்சுக்குப் போகும் முன், மகள் முழுப் பட்டியலையும் மாஸ்டருக்கும் பரிமாறும் மூவருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். பரிமாறுபவர்களில் ஒருவர் வங்காளதேச இளைஞர். அவர் புரியாத சொற்களைக் கேட்டார், அங்கே வரி எளிதாக்கப்பட்டது. இன்னொருவர் முந்திரி எந்தெந்த உணவில் இருக்கிறது என்று சிறிய தாளில் எழுதிக்கொண்டார். மாஸ்டர் கடைசியாக ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். மகள் தம் விருப்பத்துக்கு ரசத்திற்கு ‘கொதிக்கக் கொதிக்க’ என்று சேர்த்திருந்தார். “இலை பரிமாறுற அவசரத்துல, கடைசி மேசைக்குப் போறப்ப அது வெதுவெதுப்பாத்தான் இருக்கும், தங்கச்சி” என்றார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ‘மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட ரசம், டம்ளரிலும் தரப்படும்’ என்று எழுதினார்கள். அட்டை அச்சுக்குப் போனது.